‘வெளிக்காடு’ 1.4.2: என்னென்ன சரியாகியிருக்கிறது?

வணக்கம், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறோம். எங்கள் பால்மரத் தோட்ட ஆட்டத்தின் 1.4.2 பதிப்பு இன்று காலை வெளியாகிவிட்டது. அளவு 38 எம்பி. புது நிரை, புது வேலை எதுவும் இதில் இல்லை. முழுக்கப் பிழைதிருத்தம்தான்.

சேமிப்பு அழிவது

உங்களை அதிகம் நோகடித்தது இதுதான். ஆட்டம் தானாகச் சேமிக்கும் நேரம் பார்த்து பேட்டரி தீர்ந்தால் கோப்பு பாதியில் நின்றுவிடும். மறுபடி திறந்தால் முதல் நாள் பெரட்டில் நிற்பீர்கள். பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதியதுதான் காரணம். இனி தனிக் கோப்பில் எழுதி, சரிபார்த்த பிறகே பழையதை மாற்றும். நடுவில் போன் அணைந்தாலும் கடைசியாகச் சேமித்தது அப்படியே இருக்கும்.

ஆனால் ஏற்கெனவே அழிந்ததை மீட்க வழியில்லை. தீபாவளி போனஸ் வரை வந்து இழந்தவர்கள் எழுதியிருந்தீர்கள், மன்னியுங்கள். முகப்பில் ‘விட்ட இடம்’ என்று ஒரு பொத்தான் சேர்த்திருக்கிறோம். எந்த நாள் வரை ஆடினீர்கள் என்று சொன்னால், அந்த நாளுக்குரிய கூலியோடும் சாமான்களோடும் தொடங்கலாம். நீங்கள் சொல்வதை நம்பித்தான் தருகிறோம்.

மழை

விடிய விடிய மழை பெய்தும் மங்கு நிறையப் பால் கிடைத்தது. பால்மரம் வெட்டிய ஓர் அம்மா இதைப் பார்த்துவிட்டு, “பட்டை ஈரமா இருந்தா எந்த மண்டோரும் வெட்ட விடமாட்டான் தம்பி, பால் கோடு விட்டு வழிஞ்சு போயிடும்” என்றார். நள்ளிரவு தாண்டியதும் மழைக் கணக்கு பூஜ்யமாகிக்கொண்டிருந்தது. இப்போது பட்டை காயும்வரை வெட்ட முடியாது. மழை நாளில் ஒட்டுப்பால் பொறுக்கலாம்.

இடதுகை முறை

திரையைத் திருப்பும்போது வெட்டுக்கோடும் திரும்பிவிட்டது. நிஜ மரத்தில் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருப்பதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். இனி பொத்தான்கள் மட்டுமே இடம் மாறும்.

எழுத்து

உரையாடல் ஓடும்போது ‘கொ’ முதலில் ‘க’ என்று தோன்றி, பிறகு கொம்பும் காலும் முளைத்தன. கணினிக்கு அது இரண்டு குறியீடு, படிப்பவருக்கு ஓரெழுத்து. இனி முழு எழுத்தாகவே வரும். தமிழில் ஓர் ஆட்டம் செய்துவிட்டு இதை அப்படியே விட எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னும் சரியாகாதவை

2 ஜிபி நினைவகம் உள்ள போன்களில் பாசார் மாலாம் காட்சி திக்குகிறது. விளக்குகளைக் குறைத்துப் பார்த்தோம், போதவில்லை. சரியாகும்வரை அமைப்புகளில் ‘நிழல்’ என்பதை அணைத்து வையுங்கள், கொஞ்சம் தேவலாம். ஆடு சில சமயம் லயத்துக் கூரையில் ஏறி நிற்பதும் அப்படியே இருக்கிறது.

அப்புறம் ஒன்று: பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றாதீர்கள், சேமிப்பும் சேர்ந்து போய்விடும். அதன் மேலேயே புதுப்பியுங்கள். ஏதாவது கோளாறு தெரிந்தால் ஆட்டத்துக்குள் ‘மண்டோரிடம் சொல்’ பொத்தானை அழுத்தி, போன் எந்த வகை என்பதையும் எழுதுங்கள்.