ஸ்கிரீன்ஷாட் எங்கே போகிறது? ஒரு தொலைபேசி உரையாடல்

கடைக்காரர்: தம்பி, கடையில் இருந்து பேசுகிறேன். கம்ப்யூட்டரில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எங்கேயும் வர மாட்டேன் என்கிறது. பட்டன் கெட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். புது கீபோர்டு வாங்கிவிடட்டுமா?

டெக்னீஷியன்: அவசரப்படாதீர்கள் அண்ணே. எந்தப் பட்டனை அழுத்துகிறீர்கள்?

கடைக்காரர்: விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் சேர்த்து. பையன் சொல்லிக்கொடுத்தது. இத்தனை நாளும் வந்துகொண்டுதான் இருந்தது.

டெக்னீஷியன்: இப்போது ஒரு தடவை அழுத்துங்கள். திரை ஒரு கணம் மங்கித் திரும்புகிறதா?

கடைக்காரர்: ஆமாம், மங்குகிறது. ஆனால் மங்கி என்ன பிரயோஜனம்? ஃபோல்டரில் ஒன்றுமில்லையே.

டெக்னீஷியன்: மங்கினால் பட்டன் வேலை செய்கிறது என்று அர்த்தம். கீபோர்டை விட்டுவிடுங்கள். ஸ்டார்ட்டில் பெயிண்ட் என்று தேடித் திறந்து, கன்ட்ரோலையும் வி-யையும் சேர்த்து அழுத்துங்கள்.

கடைக்காரர்: அட, வந்துவிட்டது! பில் போடுகிற திரை அப்படியே இருக்கிறது.

டெக்னீஷியன்: சரி, படம் எடுக்கப்படுகிறது. அந்தப் பட்டன் இரண்டு வேலை செய்யும் அண்ணே. காப்பி செய்தது தற்காலிகமாக நிற்கும் கிளிப்போர்டில் படத்தை வைக்கும், ஃபைலாகவும் சேமிக்கும். முதல் வேலை நடக்கிறது, இரண்டாவதுதான் நடக்கவில்லை. நீங்கள் எந்த ஃபோல்டரில் பார்க்கிறீர்கள்?

கடைக்காரர்: டெஸ்க்டாப்பிலேயே ஷார்ட்கட் வைத்திருக்கிறேனே, ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று. பழையதெல்லாம் அதில் இருக்கிறது. கடைசியாக இருப்பது `Screenshot (112).png`.

டெக்னீஷியன்: அது என்றைக்கு எடுத்தது?

கடைக்காரர்: தேதியைப் பார்த்தால்… போன மாதம் முதல் வாரம். ஆனால் அதற்கப்புறமும் எடுத்தேனே! டெலிவரி ஆள் தவறான முகவரிக்குப் போனதை எடுத்து அனுப்பினேன், அது அதற்குப் பிறகுதான்.

டெக்னீஷியன்: அனுப்பியபோது இந்த ஷார்ட்கட்டில் இருந்தா எடுத்தீர்கள்?

கடைக்காரர்: இல்லை, அன்றைக்குப் பையன்தான் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்தான்.

டெக்னீஷியன்: அந்த "எங்கிருந்தோ"தான் எனக்கு வேண்டும். விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். சின்னப் பெட்டி வரும். நான் சொல்வதை அப்படியே தட்டுங்கள். ஷெல், அப்புறம் முக்காற்புள்ளி மாதிரி மேலே ஒரு புள்ளி கீழே ஒரு புள்ளி, அப்புறம் மை, ஓர் இடைவெளி, பிக்சர்ஸ்.

```
shell:My Pictures
```

கடைக்காரர்: தட்டி எண்டர் அடித்தேன். ஏதோ எரர். `Location is not available` என்று தலைப்பு. கீழே `E:\Pictures is unavailable` என்று ஆரம்பித்து நிறைய எழுதியிருக்கிறது.

டெக்னீஷியன்: மீதியைப் படிக்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டர் படங்களை இ டிரைவில் வைக்கச் சொல்லி வைத்திருக்கிறது. அங்கே பிக்சர்ஸ் ஃபோல்டரே இல்லை. எனவே சேமிக்க இடம் கிடைக்காமல் விட்டுவிடுகிறது. பெரிய எரர் காட்டாமல் திரையை மட்டும் மங்க வைத்துவிட்டுப் போய்விடும். எனக்கும் இதில் கோபம் உண்டு.

கடைக்காரர்: நான் இ டிரைவையெல்லாம் தொட்டதே இல்லை தம்பி.

டெக்னீஷியன்: வேறு யாராவது தொட்டிருக்கலாம். சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று யாராவது எதையாவது மாற்றினார்களா?

கடைக்காரர்: பையன்! வெளியே செருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று கொண்டுவந்து மாட்டினான். இனிமேல் படமெல்லாம் இதில் போகும் என்றான். பழையதையும் நகர்த்தட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

டெக்னீஷியன்: அதனால்தான் பழையது சி-யில் நிற்கிறது. உங்கள் ஷார்ட்கட்டும் அந்தப் பழைய ஃபோல்டரைத்தான் காட்டுகிறது. புதியதெல்லாம் டிஸ்கில் போயிருக்கும். டிஸ்க் இப்போது மாட்டியிருக்கிறதா?

கடைக்காரர்: இல்லையே. கணக்கு பேக்கப் எடுக்க ஒரு பென் டிரைவ் வாங்கினேன். முன்னால் இருக்கும் இரண்டு போர்ட்டில் ஒன்று பிரிண்டருக்கு. அதனால் டிஸ்கைக் கழற்றிவிட்டு பென் டிரைவைச் செருகினேன். டிஸ்க் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

டெக்னீஷியன்: ஓ, இப்போது முழுதாகப் புரிகிறது. டிஸ்க் போனதும் இ என்ற எழுத்து காலியானது. பென் டிரைவ் வந்து அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டது. திஸ் பிசி-யைத் திறந்து பாருங்கள், பென் டிரைவுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து?

கடைக்காரர்: இ தான் போட்டிருக்கிறது.

டெக்னீஷியன்: அப்படியே டிஸ்கை மாட்டினால் அதற்கு வேறு எழுத்து கிடைத்து, மறுபடியும் குழப்பம். முதலில் பென் டிரைவை வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்துக் கழற்றுங்கள். பேக்கப் எதுவும் ஓடவில்லையே?

கடைக்காரர்: அது கடை மூடும்போதுதான். கழற்றிவிட்டேன். டிஸ்கைச் செருகுகிறேன்… விளக்கு எரிகிறது. இ என்றே வந்திருக்கிறது.

டெக்னீஷியன்: அதே ஷெல் வரியை மறுபடி கொடுங்கள்.

கடைக்காரர்: திறந்துவிட்டது! உள்ளே ஸ்கிரீன்ஷாட்ஸ் இருக்கிறது. 113-இல் இருந்து 129 வரைக்கும். டெலிவரி விஷயம்கூட இருக்கிறது. ஆனால் தம்பி, எனக்கு வேண்டியது இந்த வாரம் எடுத்தது. மொத்த வியாபாரியின் தளத்தில் 40 பெட்டி ஆர்டர் போட்டேன், வந்தது 30. ஆர்டர் பக்கத்தை எடுத்து வைத்தேனே.

டெக்னீஷியன்: டிஸ்க் இல்லாத நாளில் எடுத்தது எங்கும் எழுதப்படவில்லை அண்ணே. கிளிப்போர்டில் மட்டும் இருந்திருக்கும். அடுத்து எதையாவது காப்பி செய்தவுடன் அதுவும் போய்விடும். ஒரே ஒரு வழி பார்க்கலாம். விண்டோஸ் பட்டனுடன் வி அழுத்துங்கள்.

கடைக்காரர்: `Turn on` என்று ஒரு பட்டன் காட்டுகிறது.

டெக்னீஷியன்: அப்படியென்றால் கிளிப்போர்டு வரலாறு இதுவரை அணைந்தே இருந்திருக்கிறது. முன்னதாகவே ஆன் செய்திருந்தாலும் 25 வரைதான் வைத்திருக்கும், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினால் `Pin` செய்து வைக்காததெல்லாம் அழிந்துவிடும். அந்தப் படம் போனதுதான். ஆனால் ஆர்டர் தளத்தில் இருக்குமே? பழைய ஆர்டர்கள் பக்கத்தைத் திறந்து இன்னொரு முறை எடுங்கள். ஆர்டர் போட்ட தேதியும் திரையில் விழட்டும்.

கடைக்காரர்: அதுவும் சரிதான். திறந்து பார்க்கிறேன்… இருக்கிறது, 40 என்றே இருக்கிறது.

டெக்னீஷியன்: பொறுங்கள், எடுப்பதற்கு முன்னால் இடத்தைச் சரி செய்துவிடுவோம். சி டிரைவில் எவ்வளவு காலி?

கடைக்காரர்: 38 ஜிபி என்று காட்டுகிறது.

டெக்னீஷியன்: ஸ்கிரீன்ஷாட்டுக்கு அது ஏராளம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இடது பக்கம் பிக்சர்ஸ் இருக்கிறதா? அதை வலது கிளிக் செய்து `Properties`, அதில் `Location` என்ற தாவல். டிஸ்க் மாட்டியிருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் சில சமயம் முரண்டு பிடிக்கும்.

கடைக்காரர்: `Restore Default` என்று ஒன்று இருக்கிறது.

டெக்னீஷியன்: அதை அழுத்திவிட்டு `Apply`. ஃபைல்களை நகர்த்தவா என்று கேட்கும். இந்தத் தடவை யெஸ் சொல்லுங்கள்.

கடைக்காரர்: நகர்த்துகிறது… முடிந்தது. என் ஷார்ட்கட்டிலேயே 129 வரை வந்துவிட்டது!

டெக்னீஷியன்: இப்போது ஆர்டர் பக்கத்தை எடுங்கள்.

கடைக்காரர்: மங்கியது. ஃபோல்டரில்… புதிதாக ஒன்று வந்திருக்கிறது. திறந்தால் ஆர்டர்தான், தேதியும் தெரிகிறது.

டெக்னீஷியன்: அதை முதலில் அனுப்புங்கள். அப்புறம் டிஸ்கை எஜெக்ட் கொடுத்துக் கழற்றிவிட்டு, இன்னொன்று எடுத்துப் பாருங்கள். டிஸ்க் இல்லாமலும் வருகிறதா என்று தெரிய வேண்டும்.

கடைக்காரர்: கழற்றினேன். எடுத்தேன். வருகிறது.

டெக்னீஷியன்: நல்லது. பேக்கப் பென் டிரைவை மாட்டி, உங்கள் கணக்கு மென்பொருள் அதை எந்த எழுத்தில் தேடுகிறது என்று பாருங்கள். அது இ என்று இருந்தால் பரவாயில்லை, ஆனால் டிஸ்கும் பென் டிரைவும் மாறி மாறிப் போனால் இதே தொல்லை பேக்கப்புக்கும் வரும். யுஎஸ்பி ஹப் ஒன்று வாங்கிவிட்டால் இரண்டும் நிரந்தரமாக இருக்கும். வாங்கியதும் கூப்பிடுங்கள், நான் வந்து இரண்டுக்கும் எழுத்தைத் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறேன்.

கடைக்காரர்: சரி தம்பி. முதலில் பத்துப் பெட்டியைக் கேட்டு ஒரு சண்டை போட்டுவிட்டு வருகிறேன்.