"இன்றிரவு கரண்ட் கட்" மெசேஜ்: பழைய பதிவை அழித்துவிட்டு இதை அனுப்புங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று நம் குரூப்பில் சுற்றிய "உஷார்! உஷார்! போனை எடுத்தாலே பணம் காலி!" என்ற பதிவை நீக்கிவிட்டோம். அதில் ஒருவருடைய பெயரும் போட்டோவும் வீட்டு எண்ணும் இருந்தன. ஏற்கெனவே பணத்தைப் பறிகொடுத்து நொந்து போயிருப்பவரை ஊர் முழுக்கக் காட்டிக்கொடுக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. வேறு குரூப்புக்கு அனுப்பியிருந்தால் அங்கேயும் அழித்துவிடுங்கள். யார், எந்த வீடு, எவ்வளவு போச்சு என்று விசாரிக்கவும் வேண்டாம்.

நடந்தது இதுதான். "போன மாத மின்கட்டணம் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு பத்து இலக்க செல் நம்பரிலிருந்து மெசேஜ் வருகிறது. கூப்பிட்டால் எடுப்பவர் மரியாதையாகத்தான் பேசுவார், மிரட்டவே மாட்டார். "சார், நீங்கள் கட்டியது சிஸ்டத்தில் ஏறவில்லை, பத்து ரூபாய் கட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்புவார். அதன் பெயர் .apk என்று முடியும். இல்லையென்றால் AnyDesk மாதிரி, நம் திரையை அவருக்குக் காட்டும் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்வார். அதை ஏற்றி, அது கேட்கும் அனுமதிக்கெல்லாம் சரி கொடுத்துவிட்டால், நமக்கு வரும் ஓடிபி அவருக்கும் தெரிந்துவிடும். பத்து ரூபாய் கட்டும்போது நாம் தட்டும் கார்டு நம்பரும் பின் நம்பரும் அதேபோல அவர் கைக்குப் போய்விடும்.

மெசேஜ் வந்ததாலோ, அதைத் திறந்து படித்ததாலோ, போனை எடுத்துப் பேசியதாலோ மட்டும் பணம் போவதில்லை. நாம் ஆப்பை ஏற்றும்போதோ, ஓடிபியோ பின் நம்பரோ சொல்லும்போதோதான் ஆபத்து. ஆக, சும்மா பேசிவிட்டு வைத்தவர்கள் இரவு தூங்கலாம்.

அந்த மெசேஜை நிதானமாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். நம் ஊரில் வீட்டுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. "போன மாத பில்" என்று எழுதுபவருக்கு நம் ஈபி கணக்கே தெரியாது, நாடு முழுக்க ஒரே வாசகத்தை அள்ளி வீசுகிறார்கள். அப்புறம், கட்டாமல் விட்டால் ஈபி நிஜமாகவே இணைப்பைத் துண்டிக்கும், அதனால்தான் நமக்குப் பதறுகிறது. ஆனால் அதற்காக இரவு ஒன்பதரைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை.

சந்தேகம் வந்தால் மெசேஜில் இருக்கும் நம்பரைத் தொடாமல், அட்டையில் உள்ள மின் இணைப்பு எண்ணை வைத்து www.tnebnet.org தளத்தில் பாக்கி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அல்லது மின்னகம் 94987 94987 எண்ணுக்குப் பேசுங்கள். கூகுளில் "ஈபி கஸ்டமர் கேர்" என்று தேடி முதலில் வரும் நம்பரை நம்பிவிடாதீர்கள், அங்கேயும் போலி நம்பர்களைப் போட்டு வைக்கிறார்கள்.

ஏற்கெனவே ஆப்பை ஏற்றிவிட்டீர்கள் என்றால் முதலில் போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் இன்னொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கணக்கு, கார்டு, யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். போன பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம், அதனால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பதற்றத்தில் மெசேஜையும் கால் லிஸ்டையும் அழித்துவிடாதீர்கள், அவைதான் ஆதாரம். நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாற்றுவதும் அந்த இன்னொரு போனில்தான்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் அதுவும் இதே மாதிரி ஏமாற்று வேலைதான்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இதை ஃபார்வர்டு செய்வதோடு விடாமல் நேரில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். மெசேஜ் வந்து குழப்பமாக இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் சங்க அறைக்கு ஈபி அட்டையோடு வாருங்கள், சேர்ந்தே பார்க்கலாம். பின் நம்பர், ஓடிபி எதையும் என்னிடமும் சொல்ல வேண்டாம்.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்