அறிவிப்பு: ரெக்கார்டு எழுதும் முறையும் மதிப்பெண்ணும் மாறுகின்றன

வேதியியல் துறை, கடல்நீர்ப் பகுப்பாய்வு ஆய்வகம்
நாள்: 4.8.2025
இரண்டாம் ஆண்டு, ஏ மற்றும் பி பேட்ச் மாணவ மாணவியர் கவனத்துக்கு

நான்காவது பரிசோதனையிலிருந்து (கரைந்துள்ள ஆக்சிஜன், விங்க்ளர் முறை) ரெக்கார்டு புது முறையில்தான் எழுத வேண்டும். முதல் மூன்றுக்கும் போட்ட மதிப்பெண் அப்படியே இருக்கும், அதைத் திரும்ப எழுத வேண்டாம்.

ஏன் இந்த மாற்றம் என்றால், போன பருவத்தில் 38 ரெக்கார்டு திருத்தினேன். பாதிக்கு மேல் 'தயோசல்பேட்' என்பது ஒரே மாதிரி 'தைசல்பேட்' ஆகியிருந்தது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று விசாரிக்கப் போவதில்லை. கோட்பாடும் செய்முறையும் எழுதினாலே 25-க்கு 15 கிடைக்கிற மாதிரி வைத்தது எங்கள் தவறு. இனி மதிப்பெண் நீங்கள் செய்த வேலைக்கு. மொத்தம் அதே 25.

நோக்கம், செய்முறைச் சுருக்கம்: 2 மதிப்பெண். அரைப் பக்கம் போதும். படம் வேண்டாம்.

மாதிரி எடுத்த குறிப்பு: 5. இது புதிய பகுதி. இடம், நேரம், நீரின் வெப்பநிலை, காற்று, அலை எல்லாம் கரையில் நின்றே எழுத வேண்டும். மண்டபத்தில் சாலைக்கு ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். இப்போது கச்சான் காலம், தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், வடகடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். 'மண்டபம் கடல்நீர்' என்று மட்டும் எழுதினால் எந்தக் கடல் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? கடற்பாசியோ கடற்புல்லோ இருந்தால் அதையும் குறியுங்கள். வெயில் ஏறியபின் அங்கே ஆக்சிஜன் கூடுதலாக வரும். மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் கரையிலேயே சேர்த்தீர்களா, பாட்டிலில் குமிழி நின்றதா, வீழ்படிவு பழுப்பா வெள்ளையா, இவற்றுக்கு மட்டும் 2 மதிப்பெண்.

மூல ரீடிங்: 6. பேனாவில் எழுதுங்கள். தவறினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், வெள்ளை மை பூசினால் இந்த 6-ம் போகும். அடித்தலுக்கு மதிப்பெண் குறையாது. மூன்று டைட்ரேஷனும் 3.1, 3.1, 3.1 என்று வந்தால் சந்தோஷம்தான், ஆனால் உங்கள் பியூரெட் பக்கம் வந்து நின்று நான்காவதைச் செய்யச் சொல்வேன். தயோசல்பேட்டின் நார்மாலிட்டி நாள்பட மாறும். அதனால் அன்றைக்கே டைகுரோமேட்டால் தரப்படுத்திய ரீடிங்கும் இதில் இருக்க வேண்டும். பாட்டில் லேபிளில் உள்ள எண்ணை எடுத்துப் போடக் கூடாது.

கணக்கீடு: 5. வாய்பாடு இதுதான்:

```
DO (mg/L) = V × N × 8 × 1000 / S
```

V தயோசல்பேட் மி.லி., N அதன் நார்மாலிட்டி, S டைட்ரேஷனுக்கு எடுத்த மாதிரி மி.லி. உதாரணமாக 100 மி.லி. மாதிரிக்கு 0.025 நார்மல் கரைசல் 3.1 மி.லி. செலவானால் 6.2 மி.கி./லிட்டர். அலகு விட்டால் 1 மதிப்பெண் போகும். 62 என்று வந்ததை யோசிக்காமல் அப்படியே கட்டம் கட்டி எழுதினால் 2 போகும். நம் கடல்நீரின் வெப்பத்துக்கும் உப்புக்கும் அவ்வளவு ஆக்சிஜன் கரையவே கரையாது.

பிழையும் விளக்கமும்: 6. 'மனிதத் தவறு' என்ற சொல்லுக்கு இனி பூஜ்யம். எந்தத் தவறு, விடையைக் கூட்டியதா குறைத்ததா என்று எழுதுங்கள். குமிழி நின்றால் கூடும், அது எல்லோருக்கும் தெரியும். ஸ்டார்ச்சை வெளிர் மஞ்சளுக்கு முன்பே ஊற்றியவர் என்ன பார்த்தார்? 125 மி.லி. பாட்டிலில் 2 மி.லி. கரைசல் சேர்த்தபோது அந்த அளவு கடல்நீர் வெளியே வழிந்ததே, அதைக் கணக்கில் எடுத்தால் விடை எவ்வளவு நகரும்? இப்படி இரண்டு விஷயத்தை ஆழமாக எழுதினால் முழு மதிப்பெண். பத்து வரிப் பட்டியல் வேண்டாம்.

முடிவு: 1. ஒரே வரி.

ஏ பேட்ச் 8-ம் தேதி வெள்ளி, பி பேட்ச் 9-ம் தேதி சனி, காலை 6.30-க்குக் கல்லூரி வாசலில் இருந்து கிளம்புகிறோம். 15 விடுமுறை என்பதால் இரு பேட்ச்சும் 18-ம் தேதி திங்கள் மாலை 4 மணிக்குள் ரெக்கார்டு வைக்கலாம். தாமதமானால் நாளுக்கு 2 மதிப்பெண் குறையும். காய்ச்சல், வீட்டில் விசேஷம் என்றால் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

குழுவாகத்தான் ரீடிங் எடுக்கிறீர்கள், அதனால் ரீடிங் ஒன்றாக இருக்கலாம். விளக்கம் ஒன்றாக இருக்கக் கூடாது. அப்புறம், பாறையில் சிப்பி ஒட்டியிருக்கும், வெறுங்காலோடு யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம், பழைய செருப்பு கொண்டுவாருங்கள்.

ஆய்வகப் பயிற்றுநர்