நத்தை ஓடு

ஐப்பசி அடைமழை.
சம்பா நடவு முடிந்து களையும் எடுத்தாயிற்று.
இனித் தை அறுப்புக்குத்தான்
கூலிநெல் என்ற பேச்சே.
அடுக்குப்பானையின் அடியைத் துடைத்தால்
அரைப்படிக் குருணை.

விடியுமுன் கொங்காணி போட்டுக்கொண்டு
அப்பாயி கிளம்புவாள்.
வெண்ணாற்று வாய்க்கால் வரப்பில் குனிந்து
நத்தை பொறுக்கி ஈயச்சட்டியில் போடுவாள்.
முதல் பத்துக்குச் சத்தம் கேட்கும்.
பிறகு நத்தைமேல் நத்தை விழும், சத்தமிருக்காது.
உடன் போகும் நாளில்
அந்தச் சத்தம் நிற்பதற்காகக் காத்திருப்பேன்.

கொதிநீரில் போட்டெடுத்து
கருவமுள்ளால் ஒவ்வொன்றாய்க் குத்தி இழுப்பாள்.
வழவழப்புப் போகத்
தவிட்டில் ஒருமுறை, சாம்பலில் ஒருமுறை,
மஞ்சளில் ஒருமுறை.
ஏழு தண்ணீர் அலசுவாள்.
"மணப்பெண்ணையா குளிப்பாட்டுகிறாய்?" என்பார் தாத்தா.
புளி, மிளகாய், நான்கு சின்ன வெங்காயம்.
உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்:
கடையில் போய்க் கடன் கேட்காத அளவுக்கு
அது மட்டும் எப்போதும் இருந்தது.

பூவரசு இலை தைத்து விரிப்பாள்.
நின்றுகொண்டு தின்றால் முதுகில் விழும்;
சம்மணம் போட்டு உட்கார வேண்டும்.
தலைக்கு ஒன்பது நத்தை, எண்ணி வைத்தது.
அவளுக்கு ஆறு.
கேட்டால் பல் இல்லை என்பாள்.
முறுக்கு கிடைத்த நாளில் அந்தப் பல் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பெயர்
நத்தை தின்னி.
1982 ஜூலையில் சத்துணவு வந்தது.
தட்டில் விழுந்தது எல்லோருக்கும் ஒரே சோறு.
உட்காரும் வரிசைதான்
பழைய வரிசையாகவே இருந்தது.

ஆண்டை வீட்டில் விசேஷம் என்றால்
கொல்லைப்பக்கம் கூப்பிடுவார்கள்.
படியில் நின்றபடி, கை படாத உயரத்திலிருந்து ஊற்றுவார்கள்.
அந்த உயரத்திலிருந்து விழும்போது
பாயசத்துக்கும் கழுநீருக்கும் ஒரே சத்தம்.
அப்பாயி இரண்டு முறை போனாள்.
மூன்றாம் முறை போகவில்லை.

ஒரு கார்த்திகை இருட்டில்
ஆண்டையின் காரியக்காரர் எங்கள் கொல்லையில் நின்றார்,
துண்டுக்குள் தூக்குவாளி.
ஆண்டைக்கு மூலமாம்.
நத்தைதான் மருந்து என்றாராம் வைத்தியர்.
எங்கள் சட்டியில் கிடந்தவரை நத்தை,
தூக்குவாளிக்குள் இறங்கியதும் மருந்து.
ஏழு தண்ணீர் அலசியதைத்தான் கொடுத்தாள்.
காசு வாங்கவில்லை.
"மூடியை இறுக்கிக்கொள்ளுங்கள் ஐயா,
தெருவில் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள்" என்றாள்.

மறுவாரம் வாத்தியார்
வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.
கொல்லையில் குவிந்துகிடந்த ஓடுகள்மேல்
நான் வைக்கோலைப் பரப்பினேன்.
அப்பாயி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
வைக்கோலை வாரி ஆட்டுக்குப் போட்டாள்.
வாத்தியார் உட்காரப்
பாயை உதறி விரித்தாள்.

மழை விட்டதும் சுண்ணாம்புக் காளவாய்க்காரர் வந்து
ஓடுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்.
தை பிறந்தது.
கூலிநெல்லுக்குக் களத்தில் நாங்கள் நின்றபோது
கட்டிலில் சாய்ந்திருந்த ஆண்டை
வெற்றிலைக் காம்பைக் கிள்ளிவிட்டுச்
சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.