திருத்தம்: 2100 லீப் ஆண்டு இல்லை

லீப் ஆண்டைப் பற்றிப் போன வாரம் நான் எழுதிய பதிவில் ஒரு தவறு இருக்கிறது. "4-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் லீப் ஆண்டு, வேறு நிபந்தனை கிடையாது" என்று எழுதி, 1900, 2100 இரண்டையும் உதாரணமாகக் கொடுத்திருந்தேன். இரண்டுமே லீப் ஆண்டுகள் இல்லை. சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி.

சரியான விதி இது: 4-ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. அது 100-ஆலும் வகுபட்டால் லீப் ஆண்டு இல்லை. 400-ஆலும் வகுபட்டால் மறுபடி லீப் ஆண்டுதான். அதனால் 1700, 1800, 1900-க்கு பிப்ரவரி 29 கிடையாது. 1600-க்கும் 2000-க்கும் உண்டு.

என் கணக்கு எங்கே பிசகியது என்றால், ஓராண்டின் நீளம் 365.25 நாள் என்று எடுத்துக்கொண்டேன். பருவங்கள் ஒரு சுற்று வர ஆகும் காலம் ஏறக்குறைய 365.2422 நாள். வித்தியாசம் ஆண்டுக்குப் பதினோரு நிமிடம்தான், ஆனால் 400 ஆண்டுகளில் அது மூன்று நாளைத் தாண்டிவிடும். 1582-இல் வந்த கிரிகோரியன் நாட்காட்டி, 400 ஆண்டுகளில் 100-க்குப் பதில் 97 லீப் ஆண்டுகள் போதும் என்று வைத்தது இதைச் சரிக்கட்டத்தான். நான் எழுதியது அதற்கு முந்தைய ஜூலியன் நாட்காட்டியின் விதி.

எழுதும்போது சோதிக்காமல் இல்லை. 2000, 2004, 2024 என்று மூன்று ஆண்டுகளைப் போட்டுப் பார்த்தேன், மூன்றும் சரியாக வந்தன. 2000 விதிவிலக்குக்கே விதிவிலக்கு என்பது அப்போது உறைக்கவில்லை.

பதிவில் இருந்த பைதான் நிரலையும் மாற்ற வேண்டும்:

```python
def is_leap(y):
    return y % 4 == 0 and (y % 100 != 0 or y % 400 == 0)
```

பழைய நிரலை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் பதற வேண்டாம். 1901 முதல் 2099 வரை அதுவும் சரியான விடைதான் தரும். 1900-ஐயோ அதற்கு முந்தைய ஆண்டுகளையோ தொடும் பழைய ஆவணங்கள், 2100-ஐக் கடக்கும் 99 ஆண்டுக் குத்தகை மாதிரிக் கணக்குகள், இவற்றில் மட்டும் நாள் எண்ணிக்கை பிசகும். அவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"எக்செல் 29-02-1900 என்று ஒரு தேதியைக் காட்டுகிறதே, அப்படியென்றால் நீங்கள் எழுதியதுதானே சரி?" என்று ஒருவர் எனக்காக வாதாடியிருக்கிறார். அவருடைய அன்புக்கு நன்றி, ஆனால் அதுவும் பிழைதான். எக்செல்லுக்கு முன்பே வந்த விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3-இல் இருந்த அந்தத் தவறை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் தெரிந்தே வைத்துக்கொண்டது.

பழைய பதிவில் அந்த வரியை அழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு, கீழே சரியான விதியையும் இன்றைய தேதியையும் சேர்த்திருக்கிறேன். பிப்ரவரிக்கு 28 நாள் வந்த கதை உட்பட மற்ற பகுதிகளில் மாற்றம் இல்லை.