மேற்குத் தெருவில் பொதுக் குடிநீர்த் தொட்டி கட்ட அனுமதி கோரும் விண்ணப்பம்

நாள்: 12.06.2023

அனுப்புநர்:
மேற்குத் தெருக் குடியிருப்போர்,
தெருக் குடிநீர்க் குழுவின் வழியாக.

பெறுநர்:
ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள்,
ஊராட்சி மன்ற அலுவலகம்.

நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அவர்கள்.

பொருள்: சர்வே எண் 114/2-இல், ஊராட்சி ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் 10,000 லிட்டர் பொதுக் குடிநீர்த் தொட்டி கட்ட அனுமதி வேண்டுதல்.

பார்வை: 01.05.2023 கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் தெருவினர் வைத்த கோரிக்கை.

ஐயா, வணக்கம்.

மேற்குத் தெருவில் 64 வீடுகள், சுமார் 270 பேர். ஊர்த் தொட்டியிலிருந்து வரும் குழாயின் கடைசி முனை எங்களுடையது. போதாததற்குத் தெரு மேட்டில் இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் திறக்கிறார்கள். கீழ்த் தெருக்களில் எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் எங்கள் குழாயில் காற்று சீறும், அப்புறம் விரல் தடிமனுக்கு ஒழுகும். ஏப்ரலில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு குடம் நிரம்ப ஆறு நிமிடம் ஆனது. தண்ணீர் திறந்துவிடுபவர் மேல் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. மேட்டுக்கு அவர் என்ன செய்ய முடியும்?

தெருவின் மேல் முனையில், மொத்தத் தெருவிலும் உயரமான இடத்தில், ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறு ஒன்று சும்மா கிடக்கிறது. பழைய மோட்டார் பழுதான பிறகு யாரும் அதைத் தொடவில்லை. மின் இணைப்பு மட்டும் உயிரோடு இருக்கிறது. அங்கே தரைமட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி அமைத்து, தெருக்குழாயைக் கீழ் முனையில் ஒரு வால்வு போட்டுப் பிரித்துவிட்டால், தண்ணீர் இறக்கத்தில் தானாக ஓடும். மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் ஒன்றரை மீட்டர் வாட்டம் இருப்பதை மட்டக்குழாய் வைத்துப் பார்த்துவிட்டோம்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் கிராம சபையில் எல்லாரும் கேட்ட கேள்வி. சரியான கேள்விதான். மே மாதக் கடைசி வாரத்தில், தங்கள் வாய்மொழி அனுமதியுடன் வாடகை மோட்டார் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப 3 நிமிடம் 40 நொடி. மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட்டிய பிறகு 3 நிமிடம் 50 நொடி. கடும் கோடையிலேயே மணிக்கு 3,000 லிட்டருக்குக் குறையவில்லை. ஆக, தொட்டி நிரம்ப மூன்றே கால் மணி நேரம் போதும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் சொல்வதுபோல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்தால் 270 பேருக்கு 14,850 லிட்டர் வேண்டும். விடியற்காலை ஒரு முறை, மாலை ஒரு முறை நிரப்பினால் 10,000 லிட்டர் தொட்டியே தாராளம். இதைவிடப் பெரிதாகக் கட்டினால் தண்ணீர் தேங்கிப் பழசாகும், செலவும் ஏறும்.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தோம். கரைந்த உப்பு லிட்டருக்கு 720 மில்லிகிராம், கடினத்தன்மை 310, நைட்ரேட் 22, புளூரைடு 0.8. கொஞ்சம் உப்புச் சுவை தெரியும். பருப்பு வேகச் சற்று நேரம் எடுக்கலாம். மற்றபடி இந்திய குடிநீர்த் தரத்தில், வேறு நீராதாரம் இல்லாத இடத்துக்கு அனுமதித்த அளவுக்குள்தான் எல்லாம் இருக்கிறது.

இதே இடத்தில் முன்பு ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதைப் பற்றி மறைக்காமல் எழுதிவிடுகிறோம். முதல் காற்றுக்காலத்திலேயே மூடி பறந்து போனது. யார் ஏறி மூடுவது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீரில் புறா இறகு வந்தபோதுதான் ஏணி தேடினோம். பிறகு அடிக்குழாய் இணைப்பில் விரிசல் விட்டு, தொட்டியே வீணானது. தொட்டி வைத்தார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவில்லை. தவறில் பாதி எங்களுடையது. இந்த விண்ணப்பத்தில் கட்டுவதைவிடப் பராமரிப்பைப் பற்றி அதிகம் எழுதியிருப்பதற்கு அதுவே காரணம்.

இப்போது கேட்பது நான்கு தூண்மேல் கான்கிரீட் தொட்டி. உள்ளளவு இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர், உயரம் 1.9 மீட்டர், அதில் 1.6 மீட்டர் வரை தண்ணீர் நிற்கும். இரண்டு பிளாஸ்டிக் தொட்டி வைத்தால் ஒரு லட்சம் வரை மிச்சமாகும் என்று தெருவிலேயே சிலர் சொன்னார்கள். அந்த இடம் நிழலே இல்லாத வெட்டவெளி, காற்றும் அதிகம். ஒருமுறை பட்டது போதும் என்று முடிவானது. நிரம்பினால் தண்ணீர் மட்டும் 10 டன் எடை என்பதால், ஒன்றரை மீட்டர் குழி தோண்டி மண்ணைப் பார்த்தோம். நாலடிக்குக் கீழே இறுகிய சரளை வந்துவிட்டது. இருந்தாலும் அடித்தளத்தையும் கம்பி அளவையும் ஒன்றியப் பொறியாளர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வேலையைத் தொடங்குவோம்.

செலவு மதிப்பீடு (ரூபாயில்):

மண் தோண்டல், அடித்தளம் – 42,000
தூண்கள், உத்திரம், தொட்டியைத் தாங்கும் தளம் – 96,000
தொட்டிச் சுவர், மேல்மூடி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு – 1,18,000
ஏணி, பூட்டும் மூடி, கைப்பிடி, நீர்மட்டம் காட்டி – 21,000
குழாய்கள், வால்வுகள், நான்கு பொதுக்குழாய்கள் – 58,000
ஒன்றரை குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி – 34,000
குழாயடி மேடை, வடிகால், உறிஞ்சு குழி – 18,000
வரைபடம், மேற்பார்வை – 12,000
கூட்டுத்தொகை – 3,99,000
எதிர்பாராச் செலவு 5 சதவீதம் – 19,950
மொத்தம் – 4,18,950

இதில் எங்கள் பங்கு 2,55,000 ரூபாய். 55 வீடுகள் தலா 2,000 தருகின்றன: 1,10,000. தனியாக இருக்கும் முதியவர்கள் உள்ள 9 வீடுகளில் வாங்குவதில்லை என்று கூட்டத்தில் ஒரு குரலாக முடிவெடுத்தோம். வெளியூரில் வேலை பார்க்கும் தெருப் பிள்ளைகள் 85,000, தெருப் பொதுப் பணத்தில் மீதம் 40,000. மண் தோண்டுவதும் உறிஞ்சு குழி வெட்டுவதும் எங்கள் உடலுழைப்பு. அதன் மதிப்பு 20,000. ரொக்கம் முழுவதும் வங்கியில் இருக்கிறது, கணக்குப் புத்தக நகல் இணைத்துள்ளோம். மீதி 1,63,950 ரூபாயை ஊராட்சிப் பொது நிதியிலிருந்தோ, நமக்கு நாமே திட்டத்திலோ தந்து உதவ வேண்டுகிறோம். நிதி வரத் தாமதமானாலும் அனுமதியை முதலில் தந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன் கான்கிரீட் வேலை முடிய வேண்டும். ஜூலையில் தொடங்கினால்தான், நீராற்றி, ஏழு நாள் தண்ணீர் நிரப்பி மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கவும் அவகாசம் கிடைக்கும்.

இனி பராமரிப்பு. தெருவிலேயே ஒருவர் மாதம் 2,500 ரூபாய்க்கு டேங்க் ஆபரேட்டராக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் ஊருக்குப் போகும் நாளில் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் உண்டு. சாவி இந்த இருவரிடமும், ஊராட்சி அலுவலகத்திலும் மட்டும் இருக்கும். ஏணியின் கீழ்ப்பகுதி கழற்றி எடுக்கும்படி இருக்கும். பிள்ளைகள் விளையாட்டாகக்கூட ஏற முடியாது.

ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் 40 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை அப்படியே தொட்டியில் கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். பவுடர் பையைத் திறந்து போட்டால் வீரியம் போய்விடும் என்பதால் இறுக்கமாக மூடும் டப்பாவில், சிறிய அளவாகவே வாங்கி வைப்போம். கீழ் முனைக் கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா என்று வாரம் இருமுறை சோதனைக் கரைசல் விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவோம். குறைந்தால் பவுடர் அளவு கூடும்.

மாதம் 5, 20 தேதிகளில் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, கழுவிய தேதியைத் தூணில் பெயிண்டால் எழுதுவோம். உள்ளே ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் நிற்பது கட்டாயம். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்பும் பின்பும், ஆய்வகச் சோதனை உண்டு.

மாதச் செலவு: ஆபரேட்டர் 2,500, பவுடரும் கரைசலும் 200, கழுவும் கூலி 1,200, ஆக 3,900. வரவு 55 வீடுகளிலிருந்து மாதம் 100 வீதம் 5,500. மிஞ்சும் 1,600 தனியாகச் சேரும். ஆண்டுக்கு 19,200 என்றால் மோட்டார் சுற்றுக்கட்டவும், வால்வு மாற்றவும், ஆய்வகக் கட்டணத்துக்கும், சில ஆண்டுக்கு ஒருமுறை பூச்சு வேலைக்கும் ஆகும். ஒரு வீட்டார் இரண்டு மூன்று மாதம் கட்டாமல் போனால் என்ன செய்வது என்று நெடுநேரம் விவாதித்தோம். நேரில் போய்க் கேட்போம், தண்ணீரை நிறுத்தமாட்டோம். வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தில் இயக்குவோம். ஒருவர் வார்டு உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். வரவு செலவை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிப்போம்.

மின்கட்டணம் மட்டும் எங்களால் தாங்க முடியாது. மாதம் 210 யூனிட் வரை ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறோம். இணைப்பு ஊராட்சியின் பெயரிலேயே இருப்பதால் அதை ஊராட்சியே தொடர்ந்து செலுத்த வேண்டுகிறோம்.

தொட்டி, கிணறு, குழாய் எல்லாம் ஊராட்சியின் சொத்து. பணம் கொடுத்தோம் என்று எங்கள் குழு உரிமை கோராது. பொதுக்குழாயில் எந்தத் தெருவினரும், வழிப்போக்கரும், யாரும் தண்ணீர் பிடிக்கலாம். இதைக் குழாயடிச் சுவரில் எழுதியே வைப்போம்.

ஆகவே, அடுத்த ஊராட்சி மன்றக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, ஒன்றியப் பொறியாளரின் ஆய்வுக்கும் தொழில்நுட்ப ஒப்புதலுக்கும் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இடத்தைப் பார்க்க எந்த நாள் வந்தாலும் குழுவினர் உடன் வருவோம். காலை பத்து மணிக்கு முன் வந்தால் நல்லது, அதற்குமேல் அங்கே நிற்கமுடியாது.

இப்படிக்கு,
மேற்குத் தெருக் குடிநீர்க் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் 64 வீட்டாரின் கையொப்பங்கள் (தனித்தாளில்)

இணைப்பு: புலப்பட நகல், கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற 'அ' பதிவேட்டு நகல், தொட்டி வரைபடம், நீர்ச் சோதனை அறிக்கை, வங்கிக் கணக்குப் புத்தக நகல், தெருக்கூட்டத் தீர்மானம்.