திங்கட்கிழமை நவக்கிரகக் கோயில் பயணம்: எல்லாரும் முழுசாப் படிச்சிடுங்க

எல்லாருக்கும் வணக்கம். நேத்திலேந்து ஒவ்வொருத்தரா போன் பண்ணி ஒரே கேள்வியைக் கேக்கறீங்க. அதனால எல்லாத்தையும் இங்கேயே ஒருதடவை எழுதிடறேன். இதைப் படிச்ச பிறகும் “எத்தனை மணிக்குக் கிளம்பணும்”னு கேக்கறவங்களுக்கு நான் பொறுப்பில்லை.

ஏன் திங்கட்கிழமைன்னு அத்தான் கேட்டிருந்தார். சனிக்கிழமை திருநள்ளாறுல நுழையவே முடியாது. ஞாயித்துக்கிழமை ராகு காலம் சாயங்காலம் 4.30க்கு வருது, அந்த நேரம் நாம பூம்புகார் பக்கம் இருப்போம். திங்கட்கிழமைன்னா காலை 7.30லேந்து 9 வரைக்கும் ராகு காலம். திங்களூர்ல சந்திரனைப் பார்த்துட்டு அப்படியே திரும்பி வந்தா திருநாகேஸ்வரம் பாலாபிஷேகத்துக்குச் சரியா இருக்கும். அம்மாவுக்கு ரொம்ப நாளா அந்தப் பால் நீலமா மாறறதைப் பார்க்கணும்னு ஆசை. சந்திரனுக்கும் திங்கட்கிழமைதான் விசேஷம். பிள்ளைகளுக்குக் காலாண்டு லீவு. இதுக்கு மேல என்ன வேணும்?

வேன் 12 சீட்டு. நாமளும் சரியா 12 பேர். அம்மா, பெரியக்கா, அத்தான், அவங்க பொண்ணு, சென்னைலேந்து தம்பி, அவன் மனைவி, அவங்க பையன், சுவாமிமலை சித்தப்பா, சித்தி, நான், என் வீட்டுக்காரி, எங்க பையன். ஒரு சீட்டு கூட மிச்சம் இல்லை, அதனால கடைசி நேரத்துல “எதிர்வீட்டு மாமியும் வரேங்கறாங்க”ன்னு யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வாடகை 9,600. தலைக்கு 800 ஆகுது. வண்டியில ஏறும்போதே கொடுத்துடுங்க. சித்தப்பா கிட்ட வாங்க மாட்டேன்னு சொன்னா கோபப்படுவார், அவர் கொடுத்தா பேசாம வாங்கிக்கறேன்.

வண்டி மூணே இடத்துலதான் நிக்கும். காலை 4.45க்கு மகாமகக் குளம் வடகரை, 4.55க்கு அக்கா வீட்டு வாசல், 5.15க்கு சுவாமிமலை சன்னதித் தெரு முனை. டிரைவர் நல்ல மனுஷன், ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டார். தம்பி, உன்னைத்தான் சொல்றேன். முந்தின நாள் ராத்திரியே குளிச்சிட்டுப் படுத்தாலும் தப்பில்லை.

நவக்கிரகக் கோயில் ஒன்பது, திருமங்கலக்குடியும் சேர்த்தா மொத்தம் பத்து. காலைல ஆறு, சாயங்காலம் நாலு. காலைல முதல்ல திங்களூர். அப்பூதியடிகள் ஊர் அது. பாம்பு கடிச்ச பிள்ளையை அப்பர் பதிகம் பாடி எழுப்பின கதையைப் பசங்களுக்கு வண்டியிலேயே சித்தி சொல்லிடுங்க, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. அங்கேந்து திருநாகேஸ்வரம். அபிஷேகம் முடியற வரைக்கும் அங்கேதான், அவசரப்படுத்த மாட்டேன். அப்புறம் ஆலங்குடி. குரு பகவானுக்கு 24 விளக்கு ஏத்தறது வழக்கம், அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு வேண்டிக்கிட்டு அக்காவே ஏத்தட்டும். அடுத்தது திருமங்கலக்குடி. சூரியனார் கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க பிராணநாதரைப் பார்க்கணும்ங்கறது பெரியவங்க சொன்ன முறை, பக்கத்துலதான் இருக்கு. பிறகு சூரியனார் கோயில். நடுவுல சூரியன், சுத்தி மத்த எட்டு பேரும் தனித்தனி சன்னதியில இருக்காங்க. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோயில். வெயில் ஏறிடும், கல் தரை சுடும், அம்மாவைக் கைத்தாங்கலா நிழல் பக்கமாக் கூட்டிட்டுப் போங்க. கடைசியா கஞ்சனூர், சுக்கிரன். புல் தின்ன கல் நந்தி இருக்கற கோயில் இதுதான். நடை சாத்தறதுக்குள்ள போயிடணும், 12 மணிக்கு மேல குருக்களைக் கெஞ்ச என்னால ஆகாது.

சாயங்காலம் 4 மணிக்கு வைத்தீஸ்வரன்கோயில். அங்க வண்டியை விட்டு இறங்கின உடனே நாடி ஜோசியம்னு நாலு பேர் சூழ்ந்துக்குவாங்க. கட்டை விரலை யார் கிட்டயும் நீட்டாதீங்க. அத்தான், போன தடவை என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் திருவெண்காடு, புதன். சூரியன், சந்திரன், அக்னின்னு மூணு குளம். தஞ்சாவூர் கலைக்கூடத்துல தலைப்பாகை கட்டிக்கிட்டு ரிஷபத்து மேல சாஞ்ச மாதிரி ஒரு அழகான வெண்கலச் சிலை பார்த்தோமே, அது இந்த ஊர்லேந்து கிடைச்சதுதான். பிறகு கீழப்பெரும்பள்ளம், கேது. சின்னக் கோயில், பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். கடைசியா திருநள்ளாறு. நளதீர்த்தத்துல குளிக்க நேரம் இருக்காது, தலையில தண்ணியைத் தெளிச்சுக்கிட்டா போதும். குளிச்சே தீருவேன்னு யாராவது பிடிவாதம் பிடிச்சா, உடுத்தின துணியைக் குளத்துல விடாதீங்க.

சாப்பாடு மூணு வேளையும் என் பொறுப்பு. காலைல வீட்டுலேந்து இட்லி மிளகாய்ப்பொடி, பொட்டலமாவே கட்டித் தரோம், ஆலங்குடி மண்டபத்துக்கு வெளியே சாப்பிட்டுக்கலாம். மதியம் மாயவரத்துல ஓட்டல், வாழையிலைச் சாப்பாடு. அதுக்கப்புறம் அங்கேயே ஒரு சத்திரத்துல ஒரு மணி நேரம் படுக்க இடம் சொல்லியிருக்கேன். ராத்திரி காரைக்கால்லேந்து திரும்பி வரும்போது பதினொண்ணு ஆகிடும், அதனால எங்க வீட்டுலயே டிபன்.

நீங்க கொண்டு வர வேண்டியது மூணே சாமான். அக்கா, கீழப்பெரும்பள்ளத்துக்கு அரைக்கிலோ கொள்ளு. சித்தி, திருநள்ளாறுக்கு நல்லெண்ணெய், பழைய பாட்டில்ல ஊத்தாம மூடி இறுக்கமா இருக்கறதுல கொண்டு வாங்க, போன வருஷம் சீட்டெல்லாம் எண்ணெய். தம்பி மனைவி, வைத்தீஸ்வரன்கோயில்ல போட உப்பும் மிளகும், சின்னப் பொட்டலம் போதும். ஆலங்குடிக்குக் கொண்டைக்கடலை மாலை அம்மா ஞாயித்துக்கிழமை ராத்திரியே கோத்து வச்சிடுவாங்க, கடலையை மதியமே ஊறப் போடணும்னு யாராவது ஞாபகப்படுத்துங்க. பூ, தேங்காய், சூடம் எல்லாம் அங்கங்கயே கிடைக்கும், தூக்கிட்டு வராதீங்க.

சில்லறை ரொம்ப முக்கியம். செருப்புக்கு, அர்ச்சனைத் தட்டுக்கு, விளக்குக்குன்னு ஒவ்வொரு இடத்துலயும் பத்து இருபதா போயிக்கிட்டே இருக்கும். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினா மீதி வராது, முறைப்புதான் வரும்.

அம்மாவோட பிரஷர் மாத்திரை என் வீட்டுக்காரி கைப்பையில இருக்கும். பசங்களுக்கு வண்டியில வாந்தி வரும்னா கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்திரை கொடுத்துடுங்க, கும்பகோணத்துலேந்து திருவையாறு ரோடு வளைவு வளைவா இருக்கு.

இதுல மூணு பேர் கிட்டேந்து மட்டும் எனக்குப் பதில் வரணும். அத்தான், நீங்க முன் சீட்டா ஜன்னல் சீட்டா? சித்தப்பா, மதியம் உங்களுக்குச் சாப்பாடா, இல்லை தயிர்சாதம் மட்டுமா? தம்பி, நீ சனிக்கிழமை ராத்திரியே வந்துடறியா, ஞாயித்துக்கிழமை பஸ்ஸா?

ராத்திரி டிபனுக்கு இப்பவே மாவு அரைக்கச் சொல்லியாச்சு. அம்மாவுக்கு மட்டும் கஞ்சி, மத்த பதினோரு பேருக்கும் தோசை.